கைக்குழந்தையின் அழுகைக்கு மருந்து எதற்கு?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை பிறந்த வீட்டில் முதல் மாதத்துக்குள் வந்து சேரும் பொருள்களைப் பட்டியலிட்டால், துணித் தொட்டிலுக்கும் கொசு வலைக்கும் அடுத்தபடியாக இருப்பவை மூன்று: ஒரு கிரைப் வாட்டர் புட்டி, வயிற்று வலிக்கென்று ஒரு சொட்டு மருந்து, ஆறாம் மாதத்தில் ஈறில் தடவ ஒரு களிம்புக் குழல். மூன்றையும் வாங்க மருத்துவரின் சீட்டை யாரும் கேட்பதில்லை. 'குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது' என்று சொன்னாலே போதும், மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்து தீங்கில்லாத மருந்தாகத்தான் இருக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். குழந்தை மருத்துவராக நான் அதிகம் எதிர்த்து வாதாட வேண்டியிருப்பது இந்த எண்ணத்தோடுதான்.

முதலில் சொட்டு மருந்து. பிறந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடுவது கைக்குழந்தைகளின் மாலைநேர அழுகை. நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும் குழந்தை, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல் இப்படி அழுதால் அதை ஆங்கில மருத்துவம் 'காலிக்' என்கிறது. 1954-இல் வெசல் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுகோல் இது. காலைச் சுருட்டி, முகம் சிவந்து, வயிறு இறுகி அழும் குழந்தையைப் பார்க்கும் எவருக்கும் வயிற்று வலிதான் காரணம் என்று தோன்றும். எந்தக் காரணத்தால் அழுதாலும் குழந்தை அப்படித்தான் வயிற்றை இறுக்கும். அழும்போது விழுங்கும் காற்றே பிறகு வாயுவாக வெளியேறும். வாயு அழுகையின் விளைவாக இருக்கலாமே என்று நாம் யோசிப்பதில்லை.

கடையில் 'காலிக் டிராப்ஸ்' என்ற பெயரில் கிடைப்பவற்றில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுப் புட்டி, ஒரே மாதிரி சிரிக்கும் குழந்தைப் படம், ஒலியிலும் ஒன்றையொன்று ஒத்த பெயர்கள். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது.

முதல் வகையில் இருப்பது சிமெத்திகோன். பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம். அதனுடன் சதகுப்பை எண்ணெயும் சோம்பு எண்ணெயும் துளியளவு சேர்த்திருப்பார்கள். சிமெத்திகோன் குடலில் உள்ள வாயுக் குமிழிகளை உடைத்து ஒன்றுசேர்க்கும். இரத்தத்தில் கலப்பதில்லை, வந்த வழியே மலத்தோடு வெளியேறிவிடும். அதனால் தீங்கு மிகக் குறைவு. பயனும் அப்படித்தான். 1994-இல் அமெரிக்காவில் சில குழந்தைகளுக்கு இதையும், மருந்தே இல்லாத போலிச் சொட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோருக்கும் மருத்துவருக்கும் எது எது என்று தெரியாது. இரண்டிலும் அழுகை ஒரே அளவில்தான் குறைந்தது. எதையோ கொடுத்தோம் என்ற மனநிறைவு பெற்றோருக்கு. அழுகை தன் காலம் வந்ததும் நின்றது.

இரண்டாவது வகையில் சிமெத்திகோனோடு டைசைக்ளோமின் சேர்ந்திருக்கும். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே பெரிதும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான். டைசைக்ளோமின், குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. பெரியவர்களுக்கு வயிற்றுப் பிடிப்பு வந்தால் விழுங்கும் மாத்திரையும் இதுவே. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஒரு வகைச் சமிக்ஞையை இது தடுக்கிறது. அந்தச் சமிக்ஞை குடலுக்கு மட்டும் உரியதல்ல; இதயம், வியர்வைச் சுரப்பி, மூளை என எல்லா இடங்களிலும் இருக்கிறது. கைக்குழந்தைக்கு இதைக் கொடுத்தபின் மூச்சுத் திணறல், மூச்சு நின்றுபோதல், வலிப்பு, உடல் துவண்டுபோதல், நினைவிழத்தல் ஆகியவை நேர்ந்ததாக 1980-களில் மேலைநாடுகளில் அடுத்தடுத்துச் செய்திகள் பதிவாயின. இறப்புகளும் அவற்றில் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்பது அதன் பிறகு மருந்துக் குறிப்பேடுகளில் நிலையான எச்சரிக்கை ஆகிவிட்டது. காலிக் அழுகை வருவதோ முதல் நான்கு மாதங்களில். ஆக, எந்த வயதில் இந்த மருந்தைத் தேடுகிறோமோ, அந்த வயதில்தான் அது விலக்கப்பட்டிருக்கிறது.

அளவைக் கணக்கிட்டால் இது இன்னும் தெளிவாகும். இவ்வகைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் டைசைக்ளோமின் இருப்பது வழக்கம். இரண்டு மாதக் குழந்தை, எடை நாலரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அம்மா 'பத்துச் சொட்டுக் கொடு' என்கிறார். ஒரு மில்லி என்பது சுமார் இருபது சொட்டு. எனவே பத்துச் சொட்டு அரை மில்லி. அதில் 5 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்குக் கணக்கிட்டால் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் வயிற்றுப் பிடிப்புக்கு விழுங்கும் 20 மில்லிகிராம் மாத்திரையில் கிலோவுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. பெரியவருக்கே வாய் உலரச் செய்து, கண்ணை மங்கலாக்கும் மருந்தை, எடைக்கு எடை மூன்று மடங்கு அதிகமாக, மூச்சு விடுவதைக் கட்டுப்படுத்தும் மையம் இன்னும் முதிராத ஒரு குழந்தைக்கு நாம் கொடுத்திருக்கிறோம். சொட்டுக் குழாயின் துளை சற்றுப் பெரிதாக இருந்தாலோ, அழுகை நிற்கவில்லையே என்று அரை மணி நேரத்தில் மறுபடி கொடுத்தாலோ, அளவு இன்னும் கூடும்.

நம் ஊருக்கென்று இன்னோர் ஆபத்தும் உண்டு. இம்மருந்து வியர்வையைக் குறைக்கும். சித்திரை வெயிலில், மின்விசிறி நின்றுபோன அறையில், துணியில் சுற்றி வைத்த குழந்தைக்கு உடல் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். குழந்தையின் உடல் கொதிக்கும். பெற்றோர் அதைக் காய்ச்சல் என்று எண்ணி இன்னொரு மருந்தைத் தேடுவார்கள்.

'கொடுத்தேன், அழுகை நின்றுவிட்டது, நல்ல மருந்துதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், போலிச் சொட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் டைசைக்ளோமின் அழுகையைக் குறைக்கவே செய்தது. எனவே இதைப் பயனில்லாத மருந்து என்று நான் சொல்லவில்லை. தானாக நிற்கப்போகிற, குழந்தைக்கு எந்தக் கேட்டையும் விளைவிக்காத ஓர் அழுகைக்காக, அரிதாகவேனும் மூச்சை நிறுத்தக்கூடிய ஒன்றைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. கொடுத்தபின் குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடந்தாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, முகம் சிவந்து வாய் உலர்ந்திருந்தாலோ, அதை 'அசந்து தூங்குகிறது' என்று விட்டுவிடாமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கிரைப் வாட்டரின் கதை வேறு. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்து வணிகர் உருவாக்கிய கலவை அது. சதுப்புநிலப் பகுதிக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த ஒரு மருந்தைப் பார்த்து அதை அவர் அமைத்தார். சதகுப்பை எண்ணெய், சமையல் சோடா, சர்க்கரை, தண்ணீர், இவற்றோடு 3.6 சதவீத அளவுக்கு ஆல்கஹால். பல தலைமுறைக் குழந்தைகள் அதைக் குடித்தவுடன் அமைதியாக உறங்கியதில் அந்த ஆல்கஹாலுக்கும் இனிப்புக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. இன்றைய கிரைப் வாட்டரில் ஆல்கஹால் சேர்ப்பதில்லை. எனவே அது டைசைக்ளோமினைப்போல அஞ்சத்தக்கதல்ல. ஆனால், காலிக் அழுகையை அது குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றும் இல்லை. முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இனிப்புத் தண்ணீர் வயிற்றில் போனால் அந்த அளவுக்குப் பால் குறையும். திறந்து பல வாரம் வைத்த புட்டியும் கழுவாத மூடியும் கிருமியைக் கொண்டுவரும். வீட்டில் காய்ச்சும் ஓமத் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

உரைகல்லில் வசம்பை உரைத்து நாக்கில் தடவுவது நம் மரபு. அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதன் நன்மை தீமையை வாதிடுவதற்கு முன்பே, அதைக் குழைக்கப் பயன்படும் தேனைப் பற்றி ஒரு சொல். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் விதைத்துகள்கள் பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, மெலிந்த அழுகுரல், தலை நில்லாமை என்று அது தொடங்கும். நல்ல தேன், மலைத்தேன் என்பதால் இதில் விலக்கு இல்லை.

இனி ஈறுக் களிம்பு. குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது பல் முளைக்கத் தொடங்குகிறது. அதே வேளையில் தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள் தீர்ந்துவருகிறது. இணை உணவு தொடங்குகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் குழந்தை வாயில் வைக்கிறது. எனவே அந்த வயதில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது இயல்பு. நாம் அவற்றின் பழியைப் பல்லின் மேல் போடுகிறோம். பல் முளைப்பதால் எச்சில் வடியும், ஈறு தடிக்கும், குழந்தை கடிக்கும், சற்று எரிச்சல்படும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சலையோ நீர்போன்ற வயிற்றுப்போக்கையோ பல் உண்டாக்குவதில்லை. 'பல் முளைக்கிறது, அதான்' என்று இரண்டு நாள் காத்திருந்து, உடல் வறண்ட நிலையில் கொண்டுவரப்படும் குழந்தைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

களிம்புகளில் இருப்பது பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்து. பென்சோகெய்ன் அவற்றில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் குழல்களிலும் இது இருக்கக்கூடும். நம் இரத்தச் சிவப்பணுவில் உள்ள இரும்பை வேறொரு நிலைக்கு மாற்றிவிடும் தன்மை இதற்கு உண்டு. அப்படி மாறிய இரும்பால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. பெரியவர்களின் உடலில் அதைத் திருத்திச் சரிசெய்யும் நொதி போதிய அளவில் இருக்கிறது. கைக்குழந்தையிடம் அது குறைவு. தடவிய சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடும் நகமும் சாம்பல் அல்லது நீல நிறமாகும், மூச்சு வாங்கும், குழந்தை சோர்ந்துவிடும். ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஆக்சிஜன் வைத்தாலும் நீலம் மாறாது. முதல் முறை தடவியபோதே இது நேரலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான பென்சோகெய்ன் வாய் மருந்துகளின் விற்பனையை நிறுத்துமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 மே மாதம் நிறுவனங்களிடம் கூறியது.

லிக்னோகெய்ன் இன்னொன்று. பல் மருத்துவர் ஊசியில் போடும் அதே மருந்து. 2 சதவீதக் களிம்பு என்றால் ஒரு கிராமில் 20 மில்லிகிராம். ஈறில் தடவியது அங்கேயே நிற்பதில்லை; எச்சிலில் கரைந்து சில நிமிடங்களில் தொண்டைக்குள் போய்விடும். அதனால்தான் பயன் குறைவு. அதனால்தான் 'சரியாகவில்லையே' என்று திரும்பத் திரும்பத் தடவுகிறோம். விழுங்கிய மருந்து மிகுந்தால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். தொண்டை மரத்துப்போவதால் பால் புரையேறும். இறப்பு உள்ளிட்ட கடும் பாதிப்புகள் 22 குழந்தைகளுக்கு நேர்ந்ததை ஆராய்ந்தபின், பல் முளைக்கும் வலிக்கு இம்மருந்துக் கரைசலைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே அமைப்பு 2014-இல் கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது.

மூன்றாவது, வாய்ப்புண்ணுக்கென்று விற்கும் கோலின் சாலிசிலேட் களிம்பு. நம் கடைகளில் 'பல் முளைக்கிற குழந்தைக்கு' என்று கேட்டால் பல நேரம் கையில் கிடைப்பது இதுதான். இது ஆஸ்பிரினின் உறவுமுறை. ஒரு கிராமில் சுமார் 87 மில்லிகிராம் இருக்கும். விரல் நுனியளவு, அதாவது அரை கிராம் வீதம் நாளைக்கு ஆறு முறை தடவினால் மூன்று கிராம். அத்தனையும் வயிற்றுக்குள் போனால், சுமார் 195 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கு ஈடு. தாத்தா இதயத்துக்காகத் தினமும் விழுங்கும் 75 மில்லிகிராம் மாத்திரை இரண்டுக்கும் மேல். ஏழு கிலோக் குழந்தைக்கு யாராவது அந்த மாத்திரைகளை அறிந்து கொடுப்பார்களா? குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சல் உள்ளபோது ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும் என்பதால்தான் அதை நாம் விலக்கியிருக்கிறோம். அதே காரணத்தால் பிரிட்டன் 2009 ஏப்ரலில், 16 வயதுக்கு உட்பட்டோருக்கு இந்த வாய்க் களிம்பு வேண்டாம் என்று முன்னெச்சரிக்கையாக அறிவித்தது.

சரி, என்னதான் செய்வது? ஈறு வலிக்குக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்ப்பது, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்ந்த ஈரத்துணியையோ ரப்பர் வளையத்தையோ கடிக்கக் கொடுப்பது போதும். உறையவைத்த வளையம் வேண்டாம். அது ஈறைக் காயப்படுத்தும். கழுத்தில் மணிமாலையும் வேண்டாம். உறக்கமே இல்லாத அளவுக்கு வலி என்று தோன்றினால், எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மாலை அழுகைக்குத் தோளில் போட்டு நடப்பது, பாலூட்டியபின் ஏப்பம் விடச் செய்வது, விளக்கையும் ஓசையையும் குறைப்பது, தாய்க்கு ஒரு மணி நேரமாவது வேறொருவர் கைமாற்றுவது. கடைசியாகச் சொன்னது எந்தச் சொட்டு மருந்தைவிடவும் பயனுள்ளது. களைத்துப்போய்க் குழந்தையைக் குலுக்கிவிடும் நிலை வந்தால், அதைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போவது தவறல்ல. ஒருபோதும் குலுக்கக் கூடாது.

எல்லா அழுகையும் காலிக் அல்ல என்பதையும் மறக்கலாகாது. பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வயிற்று உப்பல், தொடை இடுக்கில் வீக்கம், பால் குடிக்க மறுத்தல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகிய எதுவும் வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. நன்றாக இருந்த ஏழெட்டு மாதக் குழந்தை திடீரென்று அலறி, வெளிறி, சில நிமிடம் ஓய்ந்து, மறுபடி அலறினால் குடல் ஒன்றனுள் ஒன்று செருகியிருக்கலாம். அப்போது வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்துக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடலை அழுகச் செய்யும். கால் விரலில் தலைமுடி சுற்றி இறுகியதால் அழும் குழந்தையும் உண்டு. எனவே ஆடையைக் களைந்து ஒருமுறை முழுதும் பாருங்கள்.

பெட்டியில் அச்சிட்டதைச் சரியாகப் படித்தாலும் தெரியாத ஆபத்து ஒன்றும் உள்ளது. 2008-09-இல் நைஜீரியாவில் பல் முளைக்கும் வலிக்கென்று விற்ற ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நஞ்சு கலந்திருந்ததால் 84 குழந்தைகள் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்தனர். எங்கோ நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்தில் கண்டறியப்பட்டதும் அதே நஞ்சுதான். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தேவையான மருந்தென்றால் அந்தச் சிறு அபாயத்தை ஏற்கத்தான் வேண்டும். தேவையே இல்லாத மருந்துக்காக அதை ஏன் ஏற்க வேண்டும்?

அரசு செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்துப் பெட்டியின் முன்பக்கத்தில், குழந்தைப் படம் இருக்கும் இடத்தில், 'ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது' என்று தமிழிலும் படிக்கத்தக்க அளவில் அச்சிடச் செய்யலாம். மரத்துப்போகச் செய்யும் ஈறுக் களிம்பும் சாலிசிலேட் களிம்பும் கைக்குழந்தைக்கு வேண்டாம் என்பதையும் அவ்வாறே அச்சிடலாம். மருந்துக் கடையில் குழந்தைக்கு மருந்து கேட்பவரிடம் 'எத்தனை மாதம்?' என்று கேட்பதைக் கட்டாயமாக்கலாம். அதுவரை, வாங்கும் முன் பெட்டியைத் திருப்பி டைசைக்ளோமின், பென்சோகெய்ன், லிக்னோகெய்ன், சாலிசிலேட் என்ற நான்கு பெயர்களில் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.